ஜன்னலும் அறையும் ஒரே படத்தில்: எக்ஸ்போஷர்களை இணைத்து டோன் மேப்பிங் செய்வது எப்படி

பகல் நேரத்தில் ஓர் அறையைப் படமெடுத்துப் பாருங்கள். சுவர், நாற்காலி, தரை எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்தால், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம்தான் இருக்கும். சரி, வெளியே நிற்கும் மரம் தெரியட்டும் என்று எடுத்தால் அறை குகை மாதிரி இருண்டுவிடும். ஆனால் அந்த அறைக்குள் நிற்கும் நமக்கு இரண்டுமே தெரிகின்றன. கேமராவுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

நாம் இரண்டையும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். ஜன்னல் பக்கம் திரும்பும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, விழித்திரையும் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. சோபாவுக்கு அடியில் பார்க்கும்போது இரண்டும் எதிர்ப்பக்கம் போகின்றன. இந்தத் துண்டுகளையெல்லாம் மூளை தைத்து ஒரே காட்சியாக நமக்குக் கொடுக்கிறது. கேமராவோ ஒரு கிளிக்கில் படம் முழுவதற்கும் ஒரே நேரம் ஷட்டரைத் திறந்து மூடுகிறது. கண் செய்வதை நாமும் செய்ய வேண்டுமானால், பல எக்ஸ்போஷர்களில், அதாவது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு ஒளியை உள்ளே விட்டுப் படமெடுத்துப் பிறகு தைக்க வேண்டும். எடுப்பதற்குப் பெயர் பிராக்கெட்டிங். தைத்ததைத் திரையில் காட்டுகிற அளவுக்குச் சுருக்குவதற்குப் பெயர் டோன் மேப்பிங். பலர் இரண்டையும் சேர்த்து எச்.டி.ஆர். என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இவை தனித்தனி வேலைகள், தவறுகளும் தனித்தனியாகத்தான் நடக்கின்றன.

படங்களை எடுப்பது

ஒளியின் அளவைப் பேச ஒரு சொல் வேண்டும். ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, மூன்று என்றால் எட்டு. வெயில் அடிக்கும் வெளிப்புறத்துக்கும் விளக்குப் போடாத அறைக்கும் இடையே ஆறேழு ஸ்டாப் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதாவது வெளியே இருக்கும் ஒளி, அறைக்குள் இருப்பதைப் போல நூறு மடங்குக்கு அருகில். சோபாவுக்கு அடியில் உள்ள நிழலையும் வானத்தையும் ஒப்பிட்டால் 12 ஸ்டாப் வரை போகலாம்.

இனி ஒரு குறிப்பிட்ட அறையை வைத்தே பேசுவோம். ட்ரைபாடில் கேமரா. அபர்ச்சர் f/8, ஐஎஸ்ஓ 100. ஷட்டர் நேரம் மட்டும் மாறுகிறது: 1/250, 1/60, 1/15, 1/4, பிறகு 1 வினாடி. ஐந்து படங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு ஸ்டாப். முதல் படத்தில் வானமும் மரமும் நன்றாக விழும், கடைசிப் படத்தில் சோபாவின் நிழல் தெரியும்.

ஷட்டரை மட்டும் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. அபர்ச்சரை மாற்றினால் எது ஃபோகஸில் இருக்கிறது என்பதே படத்துக்குப் படம் மாறும், ஓரங்கள் இருளும் அளவும் மாறும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் இருண்ட பகுதியைச் சுத்தமாக எடுக்கத்தான் இத்தனை பாடு என்பதே வீணாகும், புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும். ஃபோகஸையும் மேனுவலில் போட்டுவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரு படத்தில் கேமரா ஜன்னல் சட்டத்தைப் பிடிக்கும், அடுத்ததில் திரைச்சீலையைப் பிடிக்கும்.

எத்தனை படம் போதும் என்பதை எண்ணிக்கையால் முடிவு செய்யாதீர்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது ஓரத்தில் கறுப்பு, வலது ஓரத்தில் வெள்ளை என்று படத்தின் வெளிச்சம் பரவியிருப்பதைக் கேமரா காட்டும் வரைபடம் அது. மிக இருண்ட படத்தில் வலது ஓரத்தில் எதுவும் முட்டி நிற்கக் கூடாது. மிக வெளிச்சமான படத்தில் இடது ஓரத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியென்றால் நடுவில் இருப்பவை தானாகச் சரியாகும்.

சென்சார் பதிவுசெய்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும். அப்புறம், அறையில் மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். இதை மறந்துவிட்டு நான் எடுத்த ஒரு தொகுப்பில், விசிறிக்குப் பதினைந்து இறக்கைகள் இருந்தன.

இணைக்கும்போது உள்ளே நடப்பது

இதை ஒரே ஒரு புள்ளியை வைத்துப் பார்த்துவிடலாம். சென்சார் தாங்கும் உச்ச அளவை 100 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் 100 என்றுதான் பதிவாகும்.

சுவரில் ஒரு புள்ளி, 1/4 வினாடிப் படத்தில் 40 என்று பதிவாகியிருக்கிறது. கால் வினாடியில் 40 என்றால் ஒரு வினாடிக்கு 160. அதே புள்ளி 1/15 படத்தில் ஏறத்தாழ 10.7. அதை 15ஆல் பெருக்கினாலும் 160தான். ஆக, எந்தப் படத்தில் பார்த்தாலும், பதிவான எண்ணை ஷட்டர் நேரத்தால் வகுத்தால் ஒரே விடை கிடைக்க வேண்டும். அந்த விடைதான் அந்த இடத்தின் உண்மையான ஒளி அளவு. இணைப்பது என்பதன் மையமே இந்த வகுத்தல்தான்.

அப்படியானால் ஒரே படம் போதுமே, ஐந்து எதற்கு? இரண்டு காரணம். 1 வினாடிப் படத்தில் அந்தச் சுவர்ப் புள்ளி 160 ஆகியிருக்க வேண்டும், ஆனால் சென்சார் 100இல் நின்றுவிட்டது. அந்த எண் பொய், தூக்கிப் போட வேண்டியதுதான். மறுபக்கம், 1/60 படத்தில் அது 2.7 என்று விழுகிறது. சென்சாரின் நாய்ஸ் அதை 0.3 அளவு ஆட்டிவிட்டது என்று வையுங்கள். 60ஆல் பெருக்கும்போது அந்த 0.3, 18 ஆகிவிடுகிறது. 160 என்று வர வேண்டியது 144 ஆகவோ 180 ஆகவோ வரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இப்படி ஆளுக்கொரு பக்கம் ஆடினால் அதைத்தான் நாம் மணல் தூவின மாதிரி இருக்கிறது என்கிறோம்.

அதனால் மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பு கொடுக்கிறது. உச்சத்தை முட்டிய எண்ணுக்கு மதிப்பு பூஜ்யம், மிகச் சிறிய எண்ணுக்குக் கொஞ்சம், நடுவில் விழுந்ததற்கு நிறைய. அந்த மதிப்பின்படி சராசரி எடுக்கிறது. சுவருக்கு 1/4 படம் அதிகம் பேசும், வானத்துக்கு 1/250 படம் மட்டுமே பேசும், சோபா நிழலுக்கு 1 வினாடிப் படம்.

நம் அறையில் கிடைக்கும் விடைகள் இப்படி இருக்கும்: சோபாவுக்கு அடியில் 4, சுவர் 160, வெளியே மரம் 5,000, வானம் 15,000. வானம், நிழலைப் போல 3,750 மடங்கு. கிட்டத்தட்ட 12 ஸ்டாப்.

ரா கோப்பு ஏன் என்பது இங்கேதான். ராவில் ஒளி இரட்டிப்பானால் எண்ணும் இரட்டிப்பாகும், வகுத்தல் நேரடியாக வேலை செய்யும். ஜேபெக்கில் கேமரா தன் ருசிக்கு ஒரு வளைகோட்டைப் போட்டு எண்களை ஏற்கெனவே வளைத்து வைத்திருக்கும். அந்த வளைவை, பிராக்கெட்டிங்கில் எடுத்த படங்களிலிருந்தே கண்டுபிடித்து நிமிர்த்தும் முறையை டெபெவெக், மாலிக் இருவரும் 1997இல் வெளியிட்டார்கள். ஜேபெக்கை வைத்துக்கொண்டும் இணைக்க முடிகிறது என்றால் அதனால்தான். ஆனால் ரா கையில் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

இணைத்த கோப்பைத் திறந்ததும் பலர் பயந்துபோவார்கள். ஜன்னல் முன்பைவிட வெள்ளையாக, அறை அரைகுறையாகத் தெரியும். ஏதோ கெட்டுவிட்டது என்று மறுபடி எடுக்கப் போவார்கள். ஒன்றும் கெடவில்லை. எண்கள் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, திரைதான் அவ்வளவையும் காட்ட முடியாமல் ஒரு துண்டை மட்டும் காட்டுகிறது. வெளிச்சமான அறையில் வைத்திருக்கும் சாதாரண மானிட்டர், தன் கறுப்பைப் போலச் சில நூறு மடங்கு வெள்ளையைத்தான் காட்டும். 3,750ஐச் சில நூறுக்குள் அடக்க வேண்டும். அந்த வேலைதான் டோன் மேப்பிங்.

அடக்குவது

மிக எளிய வழி, ஒரே சூத்திரத்தைப் படம் முழுவதற்கும் போடுவது. ரைன்ஹார்டும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் தந்த முறையின் எளிய வடிவம் இது:

```
Ld = L / (1 + L)
```

L என்பது நாம் கணக்கிட்ட ஒளி, Ld என்பது திரைக்குப் போகும் ஒளி, அதில் 1 என்றால் முழு வெள்ளை. L எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை 1ஐத் தாண்டாது. அழகான சூத்திரம்தான். நம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். முதலில் எல்லாவற்றையும் 320ஆல் வகுத்து, சுவரை 0.5 ஆக்கிக்கொள்வோம். சுவர் 0.33 ஆகிறது, நன்றாகவே இருக்கிறது. மரம் 0.94, வானம் 0.98. எதுவும் வெளுத்து மறையவில்லை. ஆனால் கவனியுங்கள்: வெளியே வானம் மரத்தைப் போல மூன்று மடங்கு ஒளியுடன் இருந்தது. இப்போது இரண்டுக்கும் இடையே 0.04தான். ஜன்னலுக்கு வெளியே பால் ஊற்றின மாதிரி, மரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு படலம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் இடத்துக்கு இடம் பார்த்து அடக்கும் முறை. அதன் யோசனை எளிது. படத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, பெரிய பரப்புகளின் பொதுவான வெளிச்சம்: 'இது அறைப் பகுதி, இது ஜன்னல் பகுதி' என்கிற அளவுக்கு மட்டும். மற்றொன்று, அந்தப் பரப்புக்குள் இருக்கும் நுணுக்கம்: இலை, வானம், சுவரின் சொரசொரப்பு. முதலாவதை மட்டும் சுருக்கி, இரண்டாவதைத் தொடாமல் மறுபடி சேர்த்துவிட்டால் போதும்.

எண்ணில் பார்ப்போம். அறையின் பொது வெளிச்சம் 160, ஜன்னல் பரப்பின் பொது வெளிச்சம் 8,000 என்று கொள்வோம். 50 மடங்கு, சுமார் 5.6 ஸ்டாப். இதைக் கால் பங்காக, 1.4 ஸ்டாப்பாகச் சுருக்குகிறோம். ஜன்னலுக்குள் மரத்துக்கும் வானத்துக்கும் இருந்த மூன்று மடங்கு வித்தியாசம் அப்படியே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால், மரம் சுவரைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு, வானம் 5 மடங்கு வரும். திரையின் 0 முதல் 255 வரையிலான எண்கள் ஒளிக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, ஜேபெக்கைப் போல ஒரு வளைகோட்டில் ஏறுகின்றன. அந்த அளவில் சுவரை 118இல் வைத்தால், மரம் 149 சுற்றிலும் வானம் 243 சுற்றிலும் விழும். மரத்தில் இலை தெரிகிறது, வானம் வெள்ளைக்கு அருகில் இருந்தாலும் முட்டவில்லை, ஜன்னல் இன்னமும் ஜன்னலாக ஒளிர்கிறது.

கால் பங்கு என்று எதை வைத்துச் சொன்னேன்? கண்ணை வைத்துத்தான். இங்கேதான் ரசனை வருகிறது, பெரும்பாலான படங்கள் கெடுவதும் இங்கேதான். இதே படத்தில் 5.6 ஸ்டாப்பையும் பூஜ்யமாக்கிவிடலாம், எந்த மென்பொருளும் தடுக்காது. அப்போது மரம் சுவரைவிட இருட்டாகப் போய்விடும். என் முதல் முயற்சி அப்படித்தான் இருந்தது. எல்லாம் தெரிகிறதே என்று பெருமையாகக் காட்டினேன். பார்த்தவர், "சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அறைக்கு ஒளியே அந்த ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று மூளைக்குத் தெரியும். ஒளி வரும் இடம், ஒளி விழும் சுவரைவிட மங்கலாக இருந்தால் அது ஜன்னல் என்று நம்ப மறுக்கிறது. ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் இடைவெளியைக் குறைக்கலாம், வரிசையை மட்டும் மாற்றக் கூடாது: வானம், மரம், சுவர், நிழல்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண்ணில் படும் வெளிச்சமான இடம் ஜன்னலாக இருந்தால் சரி. சுவரும் ஜன்னலும் ஒரே சாம்பலாகக் கலந்தால் அளவுக்கு மீறி அடக்கிவிட்டீர்கள்.

நிறத்தையும் கொஞ்சம் பாருங்கள். வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கிவிட்டு நிற விகிதத்தை அப்படியே விட்டால் நிறங்கள் சாயம் ஏறின மாதிரி தோன்றும். செறிவைக் கொஞ்சம் குறைத்தாலே படம் அமைதியாகிவிடும்.

ஜன்னல் சட்டத்தின் ஓரம்

இனி தவறுகளுக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் கூடுகின்றன: ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில். நான் எந்தப் படத்தையும் முடித்ததும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி முதலில் பார்ப்பது அங்கேதான்.

முதல் தொல்லை, ஒளிவட்டம். ஜன்னலை ஒட்டிய சுவர் காரணமில்லாமல் இருண்டு, போகப் போக வெளுக்கும். எண்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். பொது வெளிச்சத்தைக் கணக்கிட மென்பொருள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. ஜன்னலிலிருந்து இரண்டு விரல் தள்ளியிருக்கும் சுவர்ப் புள்ளியின் சராசரியில் 8,000 கொஞ்சம் கலந்துவிடும். உடனே அந்தச் சுவரும் ஜன்னல் பரப்புதான் என்று எண்ணி அதையும் அடக்கிவிடுகிறது. விளைவு, ஜன்னலைச் சுற்றி ஒரு புகை வளையம். கூர்மையான ஓரத்தைத் தாண்டிக் கலக்காத வடிகட்டி இதற்காகவே இருக்கிறது. பைலேட்டரல் என்னும் வகையை டுராண்ட், டோர்ஸி இருவரும் 2002இல் டோன் மேப்பிங்குக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் மென்பொருளில் அப்படி எதுவும் தேர்ந்தெடுக்க இல்லையென்றால், வலிமையைக் குறைப்பதுதான் வழி. வளையம் மறையும் வரை குறையுங்கள்.

இரண்டாவது தொல்லை டோன் மேப்பிங்கால் வருவதே இல்லை. நீண்ட எக்ஸ்போஷரில், ஜன்னலின் மிகுந்த ஒளி லென்ஸுக்குள் சிதறிச் சட்டத்தின் மேல் மூடுபனி மாதிரி படியும். மரச் சட்டம் வெளிறி, கறுப்பே இல்லாமல் நிற்கும். 1 வினாடிப் படத்தைத் தனியாகத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மென்பொருளுக்கு அது ஒளி என்று மட்டும்தான் தெரியும், சிதறல் என்று தெரியாது. 1/15 படத்தில் அந்தச் சட்டம் சுத்தமாக இருந்தால், அதை மட்டும் ஒரு லேயராக வைத்து மாஸ்க் போட்டுச் சட்டத்தின் மேல் தடவுவதுதான் நான் செய்வது. லென்ஸைத் துடைத்துவிட்டு எடுத்தால் இது ஓரளவு குறையும்.

மூன்றாவது, அசைவு. காற்றில் ஆடும் இலையும் திரைச்சீலையும் ஐந்து படத்திலும் ஐந்து இடத்தில் இருக்கும். ஆவி நீக்கம் என்கிற மாதிரிப் பெயரில் மென்பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அசைந்த பகுதியை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அது எந்தப் படத்தைத் தேர்ந்தது என்பதைப் பாருங்கள். இலைகளுக்கு 1/4 வினாடிப் படத்தை எடுத்துவிட்டால் வெளுத்த இலைகள்தான் மிஞ்சும்.

எச்.டி.ஆர். கோப்பே வேண்டாம் என்றால்

ஒளியைக் கணக்கிடாமல், ஐந்து படங்களில் எதில் எது நன்றாக இருக்கிறதோ அதை அங்கங்கே எடுத்துக் குழைத்துவிடும் குறுக்குவழியும் இருக்கிறது. மெர்டென்ஸ், காட்ஸ், வான் ரீத் மூவரும் 2007இல் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃபியூஷன் இது. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், திருகக் குமிழ்கள் குறைவு, கெடுக்கவும் வாய்ப்பு குறைவு. இலவசமான Enfuse இந்த வழியில்தான் வேலை செய்கிறது. ரா கோப்புகளை முதலில் tif ஆக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரியில் இருப்பது Hugin என்னும் மென்பொருளோடு வரும் கருவி, அது படங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்துகிறது, இரண்டாவது குழைக்கிறது:

```
align_image_stack -m -a al_ 1.tif 2.tif 3.tif 4.tif 5.tif
enfuse -o room.tif al_*.tif
```

இதற்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புள்ளியானாலும் நடுத்தர வெளிச்சத்துக்கு அருகில் இருக்கும் படத்தைத்தான் அது விரும்பும். அதனால் வானத்துக்கு இருண்ட படத்தையே நாடும், மறுபடி காலண்டர் வந்துவிடும். மருந்து எளிது. 1/250 படத்தை நீக்கிவிட்டு மற்ற நான்கை மட்டும் கொடுத்துப் பாருங்கள். நம் அறையில் 1/60 படத்தில் மரம் சென்சாரின் 100க்கு 83இல் இருக்கிறது, வானம் மட்டும் முட்டிவிட்டது. ஆக வானம் வெள்ளையாகும், மரம் இருக்கும், ஜன்னல் ஒளிரும். பல அறைகளுக்கு ஐந்து படத்தைவிட இது உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. வானத்தில் மேகம் வேண்டும் என்பவர்கள் மட்டும் அந்த 1/250 படத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளட்டும்.

விளக்கு எரியும் அறையில் இன்னொரு முடிச்சு உண்டு. மஞ்சள் பல்பின் ஒளி 2,700 முதல் 3,000 கெல்வின், வெளியே பகலொளி 5,500க்கு மேல். ஒயிட் பேலன்ஸை அறைக்குச் சரிசெய்தால் ஜன்னல் நீலமாகும், ஜன்னலுக்குச் சரிசெய்தால் அறை ஆரஞ்சாகும். எத்தனை படம் இணைத்தாலும் இது தீராது. விளக்கை அணைத்துவிட்டு எடுப்பதுதான் சுலபம். இல்லையென்றால் அறைக்குச் சரிசெய்துவிட்டு, ஜன்னல் பகுதியில் மட்டும் நீலத்தைப் பாதி குறையுங்கள். முழுக்க நீக்கினால் அதுவும் செயற்கையாகத் தெரியும்.

வெயில் நேராக உள்ளே அடித்துத் தரையில் கட்டம் போடும் நேரத்தில் இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள், 12 ஸ்டாப்பெல்லாம் போதாது. பொறுத்திருந்து மாலையில் வாருங்கள். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வெளியே ஒளி இறங்கிக்கொண்டே வந்து, விளக்குப் போட்ட அறைக்கு இரண்டு மூன்று ஸ்டாப் அருகில் வரும் ஒரு கட்டம் இருக்கிறது. அப்போது ஒரே ஒரு ரா படம் போதும், இணைக்கவே வேண்டியதில்லை.